வர்க்கமூலம் இல்லாம மூலைவிட்டம்: அந்த வாட்சப் சூத்திரம் எங்க சரி, எங்க தப்பு

ஈசூன்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க, மகன் உயர்நிலை 2ல பிதாகரஸ் படிக்கிறானாம், அந்த நேரம் பார்த்து குடும்ப வாட்சப் குரூப்ல பழந்தமிழ்ப் புலவர் போதையனார் பாட்டுன்னு ஒண்ணு வந்துருக்கு, நீளத்தை எட்டு கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிட்டு அகலத்துல பாதியைச் சேர்த்தா கர்ணம், அதாவது மூலைவிட்டம், வந்துரும், வர்க்கமூலமே வேணாம்னு. இது உண்மையான்னு கேக்குறாங்க.

முதல்ல போட்டுப் பாப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். நாலை எட்டா பிரிச்சு ஒண்ணைத் தள்ளினா 3.5, மூணுல பாதி 1.5, கூட்டினா 5. அப்படியே சரி. 12க்கு 5 போட்டா 10.5, அதோட 2.5, மொத்தம் 13. இதுவும் சரி. பாடப்புத்தகத்துல அடிக்கடி வர்ற ரெண்டு செவ்வகமும் பாஸ் ஆயிடுது, அதனாலதான் இத்தனை பேர் நம்பி அனுப்புறாங்க.

இப்ப காற்பந்துத் திடலுக்கு வருவோம், 105 மீட்டருக்கு 68, சர்வதேச மேட்சுக்கு வழக்கமான அளவு. பள்ளி முறையில 105ஐயும் 68ஐயும் தனித்தனியா வர்க்கம் பண்ணிக் கூட்டினா 15,649, அதோட வர்க்கமூலம் 125.1 மீட்டர். பாட்டு வழியில 91.875ஓட 34, அதாவது கிட்டத்தட்ட 125.9. எண்பது சென்டிமீட்டர் கூட. பரவாயில்லன்னு தோணும், ஆனா 100க்கு 20ன்னு ஒரு ஒல்லியான நிலத்துக்குப் போட்டா 97.5 வருது, நீளமே 100 இருக்கும்போது மூலைவிட்டம் அதைவிடச் சின்னதா இருக்கவே முடியாது. அகலம் நீளத்துல கால்பங்குக்குக் கீழ போனாலே இந்தக் கூத்து நடக்கும்.

ஏன் இப்படின்னு பாக்குறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒரு கிராஃப் தாள் எடுங்க, மூலையில கவராயத்தை ஊனி 10 சென்டிமீட்டர்ல கால் வட்டம் போடுங்க. அந்த வளைவு மேல எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அதோட கிடைத்தூரம் ஒரு பக்கம், செங்குத்துத் தூரம் இன்னொரு பக்கம், மூலைவிட்டம் எப்பவும் 10தான், இதுதான் பிதாகரஸ் சொல்றது. இப்ப பாட்டு எந்தெந்த செவ்வகத்துக்கு 10ன்னு சொல்லுதோ அதையெல்லாம் அதே தாள்ல குறிச்சா வளைவு வராது, நேர்கோடுதான் வரும், ஏன்னா அதுல வர்க்கமே இல்ல, வெறும் பங்கும் கூட்டலும்தான். நேர்கோடு ஒரு வட்டத்தை அதிகபட்சம் ரெண்டு இடத்துலதான் வெட்டும். இந்தக் கோடு வெட்டுற ரெண்டு இடம் எதுன்னு நினைக்கிறீங்க, ஒண்ணு 3-4-5 விகிதத்துல இருக்குற செவ்வகம், இன்னொண்ணு 5-12-13 விகிதத்துல இருக்குறது! அந்த ரெண்டுக்கும் நடுவுல வளைவு கோட்டைத் தாண்டி வெளிய உப்பியிருக்கும், அங்க பாட்டு கொஞ்சம் கூடுதலா சொல்லும், ஆனா நூத்துக்கு 0.8க்கு மேல போகாது. அந்த ரெண்டுக்கும் வெளிய வளைவு கோட்டுக்கு உள்ள போயிடும், அங்க குறைச்சுச் சொல்லும், சதுரத்துக்கு நூத்துக்கு 2.8 குறையும், ரொம்ப ஒல்லியான செவ்வகத்துக்கு 12.5 வரைக்கும் போகும். இவ்வளவு எளிமையான பின்னங்களை வச்சு இவ்வளவு கிட்ட வந்தது நல்ல தோராயம், யோசிச்சவர் யாரா இருந்தாலும் கெட்டிக்காரர். ஆனா அதை பிதாகரஸுக்குப் பதிலா வச்சுக்கச் சொல்றது தப்பு. பழம்பெருமைதான் வேணும்னா போதாயன சுல்பசூத்திரம்ங்கிற பழைய வடமொழி நூலைக் காட்டலாம், அதுல துல்லியமான விதியே இருக்கு, அதுவும் செவ்வகத்தோட மூலைவிட்டக் கயிறை வச்சே சொல்லியிருக்கு.

பாட்டு உண்மையிலேயே காலை வாருறது திருப்பிப் போடும்போது. மூலைவிட்டம் 125.1, நீளம் 105, அகலம் எவ்வளவு? பாட்டைத் திருப்பினா 125.1ல 91.875 போக மிச்சம் 33.225, அதை ரெண்டால பெருக்கினா 66.45. உண்மை 68. எண்பது சென்டிமீட்டரா இருந்த பிழை ஒண்ணரை மீட்டராயிடுச்சு, ஏன்னா பாதின்னு சேர்த்ததைத் திருப்பும்போது பிழையும் சேர்ந்து ரெண்டு மடங்காகுது.

சரியான வழியிலயும் திரும்பி வரும்போது பிழை பெருகும், இதை மகன்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. அந்த 100க்கு 20 நிலத்துல மூலைவிட்டம் 101.98, டேப் தொய்ஞ்சு பத்து சென்டிமீட்டர் கூட காட்டி 102.08ன்னு எழுதிட்டா அகலம் 20.5ன்னு வரும், அரை மீட்டர் போச்சு. மூலைவிட்டத்தை அகலத்தால வகுத்தா எத்தனை மடங்கு பெருகும்னு தெரிஞ்சுரும், இங்க ஏறக்குறைய அஞ்சு. அதனால ஒல்லியான நிலத்துல அகலத்தை நேரா அளக்குறதே மேல்.

கணக்குலதான் கண்டுபிடிக்கணும்னா பெரிய வர்க்கங்களைப் போட்டுக் கழிக்காம, மூலைவிட்டத்துல இருந்து நீளத்தைக் கழிச்சு ஒரு எண், ரெண்டையும் கூட்டி ஒரு எண், அந்த ரெண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. திடலுக்கு 20.1ஐ 230.1ஆல பெருக்கினா 4,625, வர்க்கமூலம் 68.