அப்பா தூங்கிவிட்டது டிவிக்கு எப்படித் தெரியும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2 மணிக்குப் போட்ட டிவி சரியாக 6 மணிக்கு, கிரிக்கெட்டின் கடைசி ஓவர்களில் தானாக அணைந்துவிட்டது. அப்பாவுக்குக் கோபம். தம்பி செட்டிங்ஸில் தேடி ‘Auto Power Off’ என்பதை நிறுத்திவைத்தான். அன்றிலிருந்து அப்பா பார்த்தபடியே தூங்கிப்போகும் இரவுகளில், யாராவது எழுந்து அணைக்காவிட்டால், டிவி விடியும்வரை ஓடத் தொடங்கியது.

ஆட்டோ பவர் ஆஃப் செய்தது தவறான வேலை இல்லை. ரிமோட் பொத்தான் கடைசியாக எப்போது அழுத்தப்பட்டது என்பதை அது எண்ணிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் 4 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கொண்டுவந்த டிவி விதியிலும் இதே 4 மணி நேரம்தான் உச்சவரம்பு. சிக்கல் என்னவென்றால், எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டை அப்பா தொடுவது ஒரே ஒரு முறை, டிவியைப் போடும்போது. அதன்பிறகு சேனல் மாற்றுவது, சத்தம் கூட்டுவது எல்லாம் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில். இரண்டு ரிமோட்டும் அனுப்புவது அகச்சிவப்புக் கதிர்தான். ஆனால் பாக்ஸுக்கான குறியீட்டை டிவி தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. அப்பா நூறு தடவை சேனல் மாற்றினாலும், டிவியின் கணக்கில் 2 மணிக்குப் பிறகு யாரும் எதையும் தொடவில்லை. அணைவதற்கு முன் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. அப்போதும் அப்பா பாக்ஸ் ரிமோட்டில்தான் ‘OK’ அழுத்தினார்.

சிக்னல் இல்லாவிட்டால் அணையும் வசதி எங்கள் டிவியில் இருந்தது. ‘No Signal Power Off’ என்ற பெயரில், 15 நிமிடம் என்று வைத்திருந்தோம். ஒரு நாள் மழையில் இரவெல்லாம் ஒளிபரப்பு வரவில்லை. அப்போதும் டிவி அணையவில்லை. காரணம், டிவி பார்ப்பது வானத்திலிருந்து வரும் சிக்னலை அல்ல, எச்டிஎம்ஐ கேபிளில் வரும் சிக்னலை. டிஷ்ஷில் ஒன்றுமே வராதபோதும் பாக்ஸ் சும்மா இருப்பதில்லை. ‘சிக்னல் கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்பை அதுவே ஒரு படமாக வரைந்து நொடிக்குப் பல முறை டிவிக்கு அனுப்புகிறது. டிவிக்கு அதுவும் ஒரு நிகழ்ச்சிதான்! ஆன்டெனா நேராக டிவியில் செருகப்பட்டிருந்த காலத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. நிலையம் ஒளிபரப்பை முடித்ததும் டிவிக்கு வரும் சிக்னலும் நின்றுவிடும்.

இந்த இரண்டு குறையையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. அப்பாவின் விரல் எப்போது ஓய்ந்தது என்று அறிந்த கருவி பாக்ஸ். ஆகவே எண்ணும் வேலையைப் பாக்ஸிடம் கொடுத்தோம். எங்கள் பாக்ஸின் மெனுவில் தானாக ஸ்டான்ட்பைக்குப் போகும் வசதி இருந்தது. அதை 3 மணி நேரத்தில் வைத்தோம். அப்பா இரவு 10:15க்குக் கடைசியாகச் சேனல் மாற்றினால், 1:15க்குப் பாக்ஸ் ஓய்கிறது. கேபிளில் சிக்னல் நிற்கிறது. 15 நிமிடம் கழித்து, 1:30க்கு டிவி அணைகிறது. பகலில் அவர் எவ்வளவு நேரம் பார்த்தாலும், இடையிடையே சேனலோ சத்தமோ மாற்றிக்கொண்டிருந்தால், எதுவும் குறுக்கே வராது.

எல்லாப் பாக்ஸிலும் இது பலிக்காது. சில பாக்ஸ்கள் ஸ்டான்ட்பையிலும் வெறும் கறுப்புப் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். சோதிப்பது எளிது. பாக்ஸை மட்டும் ரிமோட்டில் அணையுங்கள். டிவி தன் சொந்த எழுத்தில் ‘No Signal’ என்று காட்டினால் எண்ணிக்கை தொடங்கிவிட்டது. திரை கறுப்பாக, இருட்டறையில் லேசாக ஒளிர்ந்தபடி நின்றால் சிக்னல் இன்னும் வருகிறது. டிவிக்குள்ளேயே உள்ள ஆப்களில் பார்ப்பவர்களுக்கும் இந்த வழி உதவாது. அங்கே டிவி ரிமோட்டையே பயன்படுத்துவதால் ஆட்டோ பவர் ஆஃப் ஒழுங்காக வேலை செய்யும்.

மிஞ்சுவது ஸ்லீப் டைமர். யார் எதை அழுத்தினாலும் கவலைப்படாமல், வைத்த நேரத்தில் டிவியை அணைப்பது அதுதான். ஆனால் அது ஒரு இரவுக்கு மட்டும். மறுநாள் மீண்டும் வைக்க வேண்டும். அம்மா படுக்கப் போகும்போது நினைவிருந்தால் 60 நிமிடம் வைத்துவிடுவார். மறந்த இரவுகளைப் பாக்ஸ் பார்த்துக்கொள்கிறது.

எங்கள் 43 அங்குல டிவி, பிளக்கில் மாட்டும் மீட்டரில் 65 வாட் காட்டியது. 1:30 முதல் 6 மணிவரை ஓடாமல் இருந்தால் ஓர் இரவுக்குச் சுமார் 0.3 யூனிட், தினமும் இப்படியென்றால் இரண்டு மாத பில்லில் 17 யூனிட்டுக்கு மேல். அதே மீட்டரில் பாக்ஸைப் போட்டபோதுதான் திகைத்தேன். ஓடும்போது 9 வாட், ஸ்டான்ட்பையில் 7 வாட். படத்தை நிறுத்துகிறதே தவிர, உள்ளே பெரும்பகுதி விழித்தே இருக்கிறது. அதனால் இப்போது டிவி அணைந்த பிறகு யார் எழுந்தாலும் பாக்ஸின் சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம். காலையில் சேனல் வர ஓரிரு நிமிடம் கூடுதலாகிறது.