எட்டரை மணிக்கே காலியாகும் மேசைகள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே, பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் உணவகம். பதினாலு மேசை. உணவகங்களுக்கு உள் அமைப்பு செய்து தருவது என் தொழில். ஒருநாள் அதன் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மத்தியானம் நிற்க இடமில்லை. ராத்திரி குடும்பமா வர்றாங்க, சாப்பிட்டதும் எழுந்து போயிடுறாங்க. காபி, குல்பி எதுவும் கேட்கிறதில்லை. இன்னும் நாலு லைட் போடலாமா?"

வரைபடம் எதுவும் போடாமல், ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு வாடிக்கையாளராகப் போய் உட்கார்ந்தேன். முதலில் கண் கூசியது. கூரை முழுக்க 6500 கெல்வின் குழல்விளக்கு, நீலம் கலந்த வெள்ளை. மேசைமேல் ஒளியை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்தால் 600-ஐத் தாண்டியது. கணக்கெழுதும் அலுவலகத்துக்கே 500 லக்ஸ் போதும். மேசையோ பளபளக்கும் வெள்ளை, அதில் விளக்கின் பிம்பம் நேராகக் கண்ணில் அடித்தது. இன்னொன்று, மீன் குழம்பு பழுப்பாகத் தெரிந்தது. சமையலில் குறையில்லை, மலிவான எல்இடியில் சிவப்பு நிறம் சரியாக எழாது, அவ்வளவுதான். பல்பு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ எண், அட்டைப்பெட்டியில் 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது சத்தம். தரை ஓடு, சுவர் ஓடு, முன்பக்கம் கண்ணாடி. சத்தத்தை உறிஞ்ச அந்த அறையில் ஒன்றுமே இல்லை. வாசலருகே இரண்டு பெரிய ஸ்பீக்கர். கடைசி மேசைக்கும் பாட்டு கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டியிருந்தார்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். இதை லொம்பார்ட் விளைவு என்பார்கள். ஒரு மேசை குரலை உயர்த்த, அடுத்த மேசையும் உயர்த்தும். அதைக் கேட்டுப் பணியாளர் பாட்டைக் கூட்டுவார். எட்டு மணிக்கு என் கைப்பேசிச் செயலி 78 டெசிபல் காட்டியது. பக்கத்து மேசையில் ஒரு பாட்டி பேரனிடம் ஏதோ கேட்டார். அவன் "என்ன?" என்றான். இரண்டாம் முறையும் "என்ன?" என்றான். அப்புறம் பாட்டி கேட்கவில்லை. அந்தக் குடும்பம் எட்டரைக்குள் கிளம்பிவிட்டது. இவர்கள் ஏன் காபி கேட்கவில்லை என்று எனக்கு அங்கேயே புரிந்தது.

நாற்காலியும் உதைத்தது. இருக்கை 48 செ.மீ. உயரம், மேசைப் பலகைக்கு அடியில் தடித்த சட்டம். இடையில் தொடை நுழைய 20 செ.மீ.கூட இல்லை. தொடை தாராளமாக நுழைய இடம் வேண்டும். இல்லையென்றால் ஆள் தள்ளி உட்கார்ந்து, குனிந்து சாப்பிடுவார். இருபது நிமிடத்தில் இடுப்பு வலிக்கும்.

செய்தது அதிகமில்லை. மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என விளக்கு இணைப்பை இரண்டாகப் பிரித்தோம். மின்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே கொடுத்தோம். இரவில் குழல்விளக்குகள் அணையும். ஒவ்வொரு மேசைக்கும் மேலே தொங்கும் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு மட்டும் எரியும், மேசைமேல் 150 லக்ஸ் அளவுக்கு. அதில் ஒரு தப்பும் நடந்தது. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மரில் புது எல்இடியை மாட்டியதும் விளக்கு துடித்தது. எல்இடிக்கான டிம்மரும், டிம் செய்யக்கூடிய பல்பும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பெரிய ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டு ஆறு சின்ன ஸ்பீக்கர்களைக் கூரையில் பரப்பினோம். ஒவ்வொன்றும் மெதுவாகப் பாடினாலே போதும். கூரையில் தீத்தடுப்புச் சான்று உள்ள ஒலி உறிஞ்சும் பலகைகளை ஒட்டினோம். மேசைச் சட்டத்தை அறுத்து மெல்லியதாக்கி, நாற்காலிக் கால்களில் மூன்று செ.மீ. குறைத்தோம்.

இரவுக்கு மெதுவான தாளமுள்ள பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தோம். 1986இல் மில்லிமன் என்ற ஆய்வாளர் அமெரிக்க உணவகம் ஒன்றில் பார்த்தது இது: மெதுவான இசையில் விருந்தினர் சராசரியாக 56 நிமிடம் இருந்தார்கள், வேகமான இசையில் 45. சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய அதேதான், பானங்களின் செலவுதான் கூடியது. இந்தக் கடையிலும் கூடியது காபியும் குல்பியும்தான், தோசையல்ல.

ஆனால் மதியத்துக்கு இது ஆகாது. வாசலில் வரிசை நிற்கும்போது ஆள் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால் முதலாளிக்கு நஷ்டம், வெளியே நிற்பவருக்கு வெயில். அதனால் மதியம் வெள்ளை ஒளியும் கொஞ்சம் வேகமான பாட்டும் இருக்கட்டும் என்றேன். ஆள் சீக்கிரம் எழட்டும் என்று கடினமான நாற்காலி போடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒளியும் பாட்டும் நேரத்துக்கு மாறும். நாற்காலியில் வயதானவர்களும் உட்காருகிறார்கள், அவர்கள் இடுப்பு மதியத்திலும் அதே இடுப்புதான்.

முதல் வாரம் பணியாளர்கள் மாலையில் விளக்கை மாற்ற மறந்தார்கள். இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும். ஆறே முக்காலுக்கு டைமர் வைத்துவிட்டோம்.