நெல் தராசில் ஒரு காஸ் சிலிண்டர்

வன்னியில் நெல் தராசு இல்லாத ஊர் குறைவு. கிளிநொச்சி, மல்லாவி, ஒட்டுசுட்டான் என்று எங்கே போனாலும் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்திலோ நெல் வாங்கும் கடையிலோ அரிசி ஆலையிலோ ஒரு மேடைத் தராசு நிற்கும். பெரும்போக அறுவடை முடிந்தால் ஆண்டின் பாதி நாள் அதற்குப் பெரிய வேலை இருக்காது. 12.5 கிலோ என்று சொல்லி விற்கப்படும் சமையல் எரிவாயு சிலிண்டரில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய அந்தத் தராசே போதும். ஆனால் அது காட்டும் எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நிறுக்காமல் அறிய வழி இல்லையா என்றால், இல்லை. சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். திரவத்தின் மேல் அதன் ஆவி நிற்கிறது. அந்த ஆவியின் அழுத்தத்தைத் தீர்மானிப்பவை வெப்பநிலையும் கலவையுமே. திரவம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அதைப் பெரிதாக மாற்றாது. அடியில் கொஞ்சம் திரவம் கிடக்கும்வரை அடுப்பு முதல் நாளைப் போலவே எரிவதற்குக் காரணம் அதுதான். உச்சி வெயிலில் லொறியில் வந்த சிலிண்டரைத் திறந்தால் வாயு சீறிக்கொண்டு வரும். அது வெயிலின் வேலை, நிறையின் அடையாளம் அல்ல. ஆட்டிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் வெறும் திருப்திக்குத்தான்.

ஆகவே கணக்கு ஒரு கழித்தல். தராசு காட்டும் மொத்த நிறையிலிருந்து சிலிண்டரின் வெற்று நிறையைக் கழித்தால் தேறிய நிறை வரும். தராசில் ஏமாற்று இருக்குமோ என்றுதான் எல்லோரும் முதலில் சந்தேகப்படுகிறார்கள். என் கணிப்பில் பெரும்பாலான பிழை கழிக்கும் எண்ணில்தான் ஒளிந்திருக்கிறது.

வெற்று நிறை என்பது வால்வு பொருத்திய வெறும் சிலிண்டரின் நிறை. அது சிலிண்டரின் மேல் வளையத்தில், கைப்பிடிப் பகுதியில், இரும்பிலேயே அடித்துப் பதிக்கப்பட்டிருக்கும். அதே இடத்தில் தொடர் இலக்கம், கொள்ளளவு, பரிசோதனை அழுத்தம், பரிசோதித்த ஆண்டு என்று வேறு எண்களும் இருக்கும் என்பதால் எது எது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 12.5 கிலோ வகைச் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 26 லீற்றர். அந்த எண்ணை வெற்று நிறையாக எடுத்தவருக்குக் கழித்தபின் எதுவும் மிஞ்சாது. எனவே வெற்று நிறை என்று குறித்த, கிலோகிராமில் உள்ள எண்ணையே தேட வேண்டும்.

“எல்லாச் சிலிண்டரும் பதின்மூன்று கிலோதான், தம்பி” என்று கடைக்காரர் சொல்வார். அப்படி இல்லை. தகட்டின் தடிப்பிலும் ஒட்டுவேலையிலும் வரும் சிறு வேறுபாட்டால் ஒரே வகைச் சிலிண்டர்கள்கூடச் சில நூறு கிராம் வேறுபடும். எண் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பதிக்கப்படுவது அதனால்தான். சராசரியை வைத்துக் கழிப்பது அந்த எண்ணைப் பதித்தவரின் வேலையை வீணாக்குவதாகும்.

அடுத்த சிக்கல் பெயிண்ட். பழைய சிலிண்டர்களுக்குத் திரும்பத் திரும்பப் பெயிண்ட் பூசுவதால் எண்ணின் பள்ளங்கள் நிரம்பிவிடுகின்றன. 3, 8 ஆகத் தெரியும், 2உம் குழப்பும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மெல்லிய தாளை எண்ணின் மேல் இறுக்கிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். மேடான இரும்பு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாக எழுத்து வடிவில் நிற்கும். கண்ணுக்குத் தப்பிய வளைவு தாளில் தெரிந்துவிடும்.

இந்த எண்ணை இவ்வளவு துருவுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நிரப்பும் ஆலையிலும் கணக்கு இதே எண்ணில்தான் ஓடுகிறது. நிரப்பும் இயந்திரம் ஒரு தராசுதான். சிலிண்டரின் வெற்று நிறையைக் கொடுத்தால், அதனுடன் 12.5 கிலோ கூடியதும் வாயுவை நிறுத்திவிடும். அங்கே நிற்பவர் 13.1 என்பதை 12.8 என்று படித்து உள்ளிட்டால், யாரும் திருடாமலே 300 கிராம் குறைந்துவிடும்.

இனித் தராசு. மண் தரையில் சாய்ந்து நிற்கும் தராசு எந்த வகையானாலும் பொய் சொல்லும். சமமான சீமெந்துத் தரையில் வைத்து, வெறுமையாக இருக்கும்போது சுழியம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இலத்திரனியல் தராசின் மேடைக்குக் கீழே பாரத்தை உணரும் உணரிகள் இருக்கின்றன. அவை பழுதானால் அல்லது அடியில் நெல்லும் உமியும் அடைத்துக்கொண்டால், ஒரே சிலிண்டர் நடுவில் ஒரு நிறையும் மூலையில் வேறு நிறையும் காட்டும். நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். அதன்பின் சிலிண்டர் மேடையில் நிற்கும்போதே, பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பொதியை அதன்மேல் வைக்கலாம். எண் ஒரு கிலோ ஏறினால், நாம் அளக்கும் பாரத்தின் அருகே தராசு ஓரளவு நேர்மையாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

நெல் தராசுகள் பெரும்பாலும் 50 அல்லது 100 கிராம் படிகளில்தான் எண்ணைக் காட்டும். ஐம்பது கிலோ மூடைக்கு அது தாராளம். சிலிண்டருக்கு அது ஒரு வரம்பு; படியை விடச் சிறிய குறையைப் பற்றி அந்தத் தராசிடம் கேட்டுப் பயனில்லை. வெற்று நிறையும் வழக்கமாக ஒரு தசமதானம்வரை மட்டுமே பதிக்கப்பட்டிருப்பதால் அங்கேயும் 50 கிராம் அளவு தளர்வு உண்டு. இரண்டையும் சேர்த்தால் சுமார் 100 கிராம் வரையான வித்தியாசத்தை நான் குறை என்று சொல்ல மாட்டேன்.

ஓர் உதாரணம். 50 கிராம் படியுள்ள தராசில், சீல் உடையாத சிலிண்டர் 26.20 கிலோ காட்டுகிறது. வளையத்தில் இருப்பது 13.2 என்று தோன்றுகிறது. கழித்தால் 13.0 கிலோ, அதாவது அரைக் கிலோ கூடுதல். சந்தோஷப்பட வேண்டிய இடம் இதுவல்ல. 12.5 கிலோ திரவமே 26 லீற்றரில் ஏறத்தாழ 23 லீற்றரை அடைத்துவிடுகிறது. மீதி இடம் திரவம் சூட்டில் விரிவதற்காக விடப்பட்டது. அரைக் கிலோ கூடுதலாக வந்தால் முதலில் எண்ணைப் படித்ததைச் சந்தேகிப்பதே சரி. தாளை வைத்துத் தேய்த்ததும் கடைசி எண் 8 என்று தெரிகிறது. 26.20இலிருந்து 13.8 போனால் 12.4 கிலோ. 100 கிராம் குறைவு, ஆனால் தராசின் தளர்வுக்குள் அடங்குகிறது. இந்தச் சிலிண்டர் சரி. அதே சிலிண்டர் 25.70 கிலோ காட்டியிருந்தால் தேறிய நிறை 11.9 கிலோ. 600 கிராம் குறையைத் தராசின் தலையில் போட முடியாது. முழுத் தீயில் எரியும் சாதாரண அடுப்பு ஒன்றுக்கு அது ஏறத்தாழ மூன்றரை மணி நேர வாயு.

வெற்று நிறையே படிக்க முடியாத நிலையில் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. புதிதாக வந்த நாளில் ஒருமுறை, காலியானபின் ஒருமுறை, அதே தராசில் ரெகுலேட்டர் இல்லாமல் நிறுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே எரித்த வாயு. வெற்று நிறையும், தராசில் நிலையாக இருக்கும் பிழையும் இந்தக் கழித்தலில் அடிபட்டுப் போகும். வன்னி வெயிலில் பியூட்டேனும் நன்றாக ஆவியாகிவிடுவதால் அடியில் திரவம் தங்குவது அரிது. காலிச் சிலிண்டருக்குள் எஞ்சி நிற்கும் ஆவி 60 கிராம் அளவில்தான் இருக்கும். இந்த வழியின் குறை, விடை தெரியும்போது முறையிடக் காலம் கடந்திருக்கும் என்பது.

ஆகவே முறையிடும் எண்ணம் இருந்தால் சீலை உடைக்கும் முன்பே நிறுக்க வேண்டும். நெல் தராசில் குறை தெரிந்தால், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை உள்ள வேறொரு தராசில் மீண்டும் நிறுத்து, எண் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் படத்தில் வளையத்தில் உள்ள வெற்று நிறையும் சீலும் தெரிய வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திற்கு அழைக்கும்போது அவர்கள் முதலில் கேட்கக்கூடிய விவரங்கள் இவைதான்.