எண்ணெய் வழியும் முகத்துக்கு ஒரு நாளில் எத்தனை முறை சோப்பு?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் போதும், சென்னையில் தோல் மருத்துவரிடம் வரும் இளம் வயதினரில் நிறையப் பேரின் புகார் ஒன்றுதான். "டாக்டர், முகம் கழுவி அரை மணி நேரம்கூட ஆகலை, மறுபடி எண்ணெய் வழியுது."

சமீபத்தில் வந்த ஒரு பெண்ணுக்கு இருபதுகளின் தொடக்க வயது. பெரம்பூரிலிருந்து கிண்டிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர். குளியல் சோப்பால் நாளுக்கு ஐந்தாறு முறை முகம் கழுவுகிறார். வாரத்தில் பாதி நாள் ஸ்க்ரப், ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைச் சாறு. மாய்ஸ்சரைசர் பக்கமே போவதில்லை. "ஏற்கெனவே எண்ணெய், அதுமேல இன்னும் வேறயா?" என்று கேட்டார்.

ஒரு டிஷ்யூ பேப்பரை அவர் நெற்றியில் ஒற்றி எடுத்தேன். கண்ணாடிபோல் தெரியும் எண்ணெய்த் திட்டு அதில் பதிந்தது. இன்னொன்றைக் கன்னத்தில் ஒற்றினேன், ஒன்றும் பதியவில்லை. உதட்டோரத்தில் மெல்லிய செதில்கள் உரிந்திருந்தன. தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றார். அதாவது நெற்றியும் மூக்கும் எண்ணெய், மற்ற இடமெல்லாம் காய்ந்து புண்பட்ட தோல். முகம் களையிழந்து தெரிந்ததற்கு அந்த வறட்சிதான் காரணம். செதில் எழும்பிய தோலில் வெளிச்சம் சீராகப் பட்டுத் திரும்பாது. எத்தனை எண்ணெய் வழிந்தாலும் முகம் மங்கித்தான் தெரியும்.

எண்ணெய்ச் சுரப்பிகள் நெற்றி, மூக்கு, முகவாயில் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றை இயக்குவது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். நீங்கள் சோப்பு போடுவதால் அந்தச் சுரப்பி வேலையை நிறுத்தாது. மேலே இருப்பதை வழித்து எடுக்கலாம், சில மணி நேரத்தில் மறுபடி சேர்ந்துவிடும். வெயிலில் எண்ணெய் இளகி ஓடும். கடலோர ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் காயாமல் அதோடு கலந்து பரவும். நீங்கள் கண்ணாடியில் பார்க்கும் வழிச்சலில் வியர்வைக்கும் ஒரு பங்கு உண்டு. குளியல் சோப்பு காரத்தன்மை கொண்டது, தோலின் மேற்பரப்போ இலேசான அமிலம். திரும்பத் திரும்ப சோப்பு போட்டால் தோலுக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கொழுப்புப் படலமும் கரைந்து போய்விடும். போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். சோப்பு நுரைக்காமல் பிசுக்காகத் தோலிலேயே தங்கிவிடும்.

அவருக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். காலையில் ஒரு முறை, வேலை முடிந்து வந்து ஒரு முறை, சோப்பு இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ். விரல் நுனியால் அரை நிமிடம் தேய்த்தால் போதும், நார் வேண்டாம். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் ஃபேனுக்குக் கீழே ஐந்து நிமிடம். இதைப் பலரும் செய்வதில்லை. குளித்த சூட்டில் வியர்க்க வியர்க்க எதைப் பூசினாலும் அது திரண்டு உருளும், பிறகு "எனக்கு சன்ஸ்கிரீன் ஒத்துக்கலை" என்பார்கள்.

சன்ஸ்கிரீன் ஜெல் அல்லது நீர்த்த வகையாக, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். ஒரே தடவையில் பூசினால் வழுக்கும், இரண்டு பங்காகப் பிரித்துப் பூசுங்கள். வியர்வையோடு வழிந்து கண் எரிகிறவர்கள் கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ள வகையைப் போடலாம். புழுக்கக் காலத்தில் காலையில் தனியாக மாய்ஸ்சரைசர் வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்கிறேன், இந்த ஜெல் சன்ஸ்கிரீனே போதும். இரவில் மட்டும் எண்ணெய் சேர்க்காத ஜெல் மாய்ஸ்சரைசர், மெல்லிய பூச்சாக. நியாசினமைடு கலந்ததாக இருந்தால் எண்ணெய்ப் பசையையும் சற்றுக் குறைக்கும். 5 சதவீதம் போதுமானது. 10 சதவீதம் சிலருக்கு எரிச்சல் தரும்.

நடுப்பகலில் வழிகிறதே என்றால் டிஷ்யூவாலோ சுத்தமான பருத்திக் கைக்குட்டையாலோ ஒற்றி எடுங்கள். ரொம்ப வியர்த்தால் வெறும் தண்ணீரில் கழுவலாம், பிறகு சன்ஸ்கிரீனை மறுபடி பூச வேண்டும். மேலே பவுடர் அடித்தால் வியர்வையில் திட்டுத் திட்டாக நிற்கும். ஸ்கூட்டரில் முகத்தைச் சுற்றும் துப்பட்டாவையும் ஹெல்மெட்டின் உள்துணியையும் துவைக்கிறீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் பதில் ஒரு சிரிப்புதான்.

எலுமிச்சையை விட்டுவிடச் சொன்னேன். அது தோலுக்குக் கடுமையான அமிலம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குக் கொப்புளமும், ஆறியபின் கறுத்த தழும்பும் வரும். முல்தானி மட்டிக்கு நான் எதிரி இல்லை. வாரம் ஒரு முறை, எண்ணெய் வழியும் இடத்தில் மட்டும் போட்டு, காய்ந்து வெடிக்கும் முன் கழுவிவிடுங்கள்.

இரண்டு வாரத்தில் எரிச்சலும் செதிலும் நின்றன. ஆனால் நெற்றியின் மேல்பகுதியில் ஒரே அளவில் நிறையப் பொடிப் பொடிப் புடைப்புகள் இருந்தன, அரிப்பும் உண்டு. இந்த இடத்தில்தான் பலர் பருக் கிரீமை மாற்றி மாற்றிப் பூசி ஏமாறுகிறார்கள். பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி, பெரியது, சிறியது எல்லாம் கலந்திருக்கும், அரிப்பு அவ்வளவாக இருக்காது. ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்து அரித்தால், தோலில் வாழும் மலசீஸியா என்ற ஈஸ்ட் பூஞ்சை முடிக்கால்களில் பெருகியிருக்கலாம். வியர்வையும் எண்ணெயும் சேரும் புழுக்கத்தில் அது செழிக்கும், நெஞ்சிலும் முதுகிலும்கூட வரும். இதற்குப் பூஞ்சை மருந்துதான் கேட்கும். அவருக்கும் அதுதான் கேட்டது. தினமும் காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரும் பழக்கத்தையும் மாற்றச் சொன்னேன். எண்ணெய் வேண்டுமானால் குளிக்கப்போகும் முன் வைத்து, அன்றே அலசிவிடலாம்.

இந்த வழக்கத்தையெல்லாம் விடச் சிலருக்குப் பிடித்தது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் "முகம் வெளுக்கும்" டியூப். அவற்றில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. ஒரே வாரத்தில் முகம் தெளிந்துவிடும், அதுதான் ஆபத்து. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, முகத்தில் முடி வளர்ந்து, நிறுத்தியதும் சிவந்து எரிந்து பருக்கள் கொத்தாகக் கிளம்பும். ஏற்கெனவே பூசி வருகிறீர்கள் என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், அந்த டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

எண்ணெய் வழிவதோடு மாதவிடாய் தள்ளிப் போவது, முகவாயில் முரட்டு முடி, தாடை ஓரத்தில் ஆழமான பருக்கள் சேர்ந்திருந்தால் ஃபேஸ்வாஷ் மாற்றிப் பயனில்லை, பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பருவுக்காக இரவில் அடபாலீன் ஜெல் எழுதிக் கொடுத்திருந்தால் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, முதலில் வாரம் மூன்று இரவு போதும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அதைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.