லிக்விடிட்டி: திரவத்தை விடுங்கள், ரொக்கத்தைச் சொல்லுங்கள்

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மா போன மாதம் ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். சேமிப்பு வைத்திருப்பவர்களுக்காக ஒரு வங்கி தமிழில் அச்சடித்துக் கொடுத்த விளக்கம் அது. "எங்கள் திரவத்தன்மை விகிதம் நூறு விழுக்காட்டுக்கும் மேல்" என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். "தம்பி, இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நாற்பது வருடம் கடை நடத்தி, கணக்குப் புத்தகத்தைத் தானே எழுதியவர் அவர். அவருக்கே புரியவில்லை என்றால் குறை அவரிடம் இல்லை, அந்தச் சொல்லில்தான்.

'திரவத்தன்மை' என்று பெயர்த்தார்களே, அந்த 'லிக்விடிட்டி' என்ற ஆங்கிலச் சொல் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'லிக்விடுஸ்' என்றால் ஓடுகிற நீர்ப்பொருள் என்றும் பொருள், தெளிவானது என்றும் பொருள். பிரெஞ்சு சட்டத்தில் தொகை இன்னதென்று தெளிவான கடனுக்கு இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். கணக்கைத் தீர்த்து முடிப்பதற்கு ஆங்கிலத்தில் வந்த சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அதாவது பணக்கணக்கில் இந்தச் சொல் புழங்கத் தொடங்கியபோது அதில் தண்ணீரை விடத் தெளிவுதான் அதிகம் இருந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

'திரவத்தன்மை' என்றதும் தமிழ்ப் பிள்ளைக்கு நினைவுக்கு வருவது அறிவியல் பாடம்: திடம், திரவம், வாயு. பணத்துக்கும் அதற்கும் என்ன ஒட்டு? சரி, திரவம் வடசொல் என்று தள்ளிவிட்டு 'நீர்மை' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது இன்னும் பெரிய தவறு. நீர்மை என்பது ஏற்கெனவே தமிழில் இருக்கும் சொல், குணம், இயல்பு, நல்ல தன்மை என்று அதற்குப் பொருள். அந்தப் பழைய சொல்லைப் பிடுங்கி வங்கிக்கு மாட்டினால் 'வங்கியின் நீர்மை' என்பது வங்கியின் நற்குணம் என்றாகிறது. அதோடு நிற்காமல் 'நீர்மைத்தன்மை' என்று எழுதுகிறார்கள். தன்மைத்தன்மை என்று சொன்ன மாதிரி இருக்கிறது. தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் ஆசை உண்டு, ஆனால் தூய்மைக்காகப் பொருளைப் பலி கொடுப்பதை ஏற்க முடியாது.

மூன்றாவதாகச் செய்திகளில் வருகிற 'பணப்புழக்கம்' இருக்கிறதே, அதுதான் அதிகம் குழப்புகிறது, ஏனென்றால் கேட்க இயல்பாக இருக்கிறது. பணப்புழக்கம் என்பது நாட்டில் எவ்வளவு பணம் கை மாறுகிறது என்பது, விலைவாசி பற்றிப் பேசும்போது வேண்டிய சொல். ஒரு வங்கி தன்னிடம் இருப்பதை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நட்டத்தில் காசாக்க முடியும் என்பது முற்றிலும் வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை முழுசாகக் காட்டியது 2023 மார்ச்சில் அமெரிக்காவில் விழுந்த சிலிக்கான் வேலி பேங்க். செட்டியார்கள் 'ஐந்தொகை' என்று சொன்னார்களே, பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் எழுதிய அந்தக் கணக்கை இதற்கும் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் வாடிக்கையாளர் போட்ட வைப்புத்தொகை ஏறத்தாழ 173 பில்லியன் டாலர், பங்குதாரரின் முதல் ஏறத்தாழ 16 பில்லியன். மறுபக்கம், முதிர்வு வரை விற்கமாட்டோம் என்று ஒதுக்கிய நீண்டகாலக் கடன் பத்திரங்கள் மட்டும் ஏறத்தாழ 91 பில்லியன், பெரும்பாலும் அரசு சார்ந்தவை. கடன் திரும்பாமல் போகும் என்ற பயமே இல்லாத பத்திரங்கள். அதனால், வங்கியின் சொந்த முதல் அதன் இடருக்குப் போதுமா என்று பார்க்கும் மூலதனப் போதுமை விகிதத்தைக் கணக்கிடும்போது அவற்றின் இடருக்குப் போடும் எடை மிகக் குறைவு, விகிதமும் 12 விழுக்காடு அளவில் அழகாக நின்றது.

சிக்கல் வட்டியில் வந்தது. வட்டி தரையில் கிடந்த காலத்தில் வாங்கிய பத்திரங்கள் அவை. 2022-இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. ஆண்டுக்கு 1.6 விழுக்காடு தரும் பத்தாண்டுப் பத்திரத்தை, சந்தை 4 விழுக்காடு கேட்கும் நாளில் விற்றால் 100 டாலருக்கு 80 டாலர் அளவில்தான் கிடைக்கும். விற்காத வரை அந்த நட்டம் ஐந்தொகையில் ஏறாது. 2022 முடிவில் அப்படி ஏறாமல் இருந்த நட்டம் 15 பில்லியன், கிட்டத்தட்ட முதல் முழுவதும்.

மார்ச் 8-ஆம் தேதி, வேறொரு கணக்கில் இருந்த 21 பில்லியன் பத்திரங்களை 1.8 பில்லியன் நட்டத்துக்கு விற்றதாகவும் புதிதாக முதல் திரட்டப்போவதாகவும் வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 42 பில்லியன் வெளியே போனது, அடுத்த நாளுக்கு இன்னும் 100 பில்லியன் கேட்டு வரிசை நின்றது. வைப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காப்புறுதி வரம்பைத் தாண்டிய தொகை, பெரும்பாலும் ஒருவரையொருவர் தெரிந்த நிறுவனங்களின் பணம். அதனால் முதலில் எடுத்தவருக்குத்தான் முழுசாகக் கிடைக்கும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டார்கள். மத்திய வங்கியில் பத்திரங்களை அடகு வைத்துக் கடன் வாங்கலாமே என்றால், அந்தப் பத்திரங்களை அடகுக்கு மாற்றும் வேலையே அன்றைய நேரத்துக்குள் முடியவில்லை. 10-ஆம் தேதி காலையில் வங்கியை மூடினார்கள்.

இங்கே எதைத் 'திரவம்' என்பது? உலகத்திலேயே எளிதாக விற்கக்கூடிய பத்திரம் கையில் இருந்தது. ஆனால் கேட்ட நேரத்தில், நட்டமில்லாமல், ரொக்கமாகவில்லை. சொல்லின் உயிர் இந்த மூன்றில்தான் இருக்கிறது. மலாய்க்காரர்கள் இதைப் பிடித்திருக்கிறார்கள்: 'மூடா துனாய்', எளிதில் ரொக்கமாவது. நம் பக்கத்திலேயே விடை இருக்க, ஆங்கில அகராதியைப் பார்த்துத் தண்ணீர் பிடிக்கிறோம்.

ஆகவே என் சொல் 'ரொக்கமாகும் தன்மை'. சுருக்கமாக வேண்டும் என்றால் 'ரொக்கத்தன்மை'. அந்தத் தாளில் இருந்த விகிதத்துக்கு 'ரொக்கக் காப்பு விகிதம்'. அது சொல்வது இவ்வளவுதான்: நெருக்கடியில் 30 நாளில் வெளியே போகக்கூடிய நிகரத் தொகைக்கு ஈடாக, உடனே காசாகும் சொத்து இருக்கிறதா? இருந்தால் 100 விழுக்காடு. பேங்க் நெகாரா 2015-இல் 60 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக 2019-இல் 100 ஆக்கியது. ஆனால் எவ்வளவு வெளியே போகும் என்பது ஓர் அனுமானம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிலிக்கான் வேலியில் மொத்த வைப்பில் நான்கில் ஒரு பங்கு ஒரே நாளில் போனது.

ரொக்கம் வடக்கிலிருந்து வந்த சொல்தானே என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். வந்தது வந்ததுதான், ஆனால் மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர் வரை இன்று அது நம் சொல். கட்டாயம் தூய தமிழ்தான் வேண்டும் என்றால் 'கைப்பணமாகும் தன்மை' என்று எழுதுங்கள், நான் தடுக்கமாட்டேன்.

அப்புறம், ஆங்கில 'பேங்க் ரன்'னுக்கு எழுதுகிற இந்த 'வங்கி ஓட்டம்'. தமிழில் கம்பெனி ஓடிப்போய்விட்டது என்றால் முதலாளி தலைமறைவு என்று பொருள். இங்கே ஓடுவது வங்கியில்லை, பணம் போட்டவர்கள்தான். 'வைப்பை எடுக்க முண்டியடித்தல்' என்று நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, படிக்கிறவருக்குக் காட்சி தெரியும்.

பெரியம்மாவின் தாளில் திரவத்தன்மையை அடித்துவிட்டு மேலே ரொக்கக் காப்பு என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி, "எல்லோரும் ஒரே நாளில் கேட்டால்?" அதற்கு இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் வெள்ளி வரை பிஐடிஎம் காப்புறுதி இருக்கிறது, ஒரு வங்கியில் ஒருவருக்கு, என்று ஓரத்தில் எழுதினேன்.