அழகான முகப்பில் காணாமல் போன சிவப்பு எண்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சுங்கை சிப்புட்டில் என் கைப்பேசிக் கடைக்கு வருகிறவர்களைவிடத் தையல்காரர்களின் வீட்டுக்குப் போகிறவர்கள்தாம் அதிகம். அப்படிப்பட்ட நாளொன்றில், தோட்டத்திலிருந்து வந்து பட்டணத்தில் குடியேறிய தையல்கார அக்கா ஒருவர் வேலையைப் போட்டுவிட்டு என் கடைக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை.

“தம்பி, போன் கெட்டுப்போய்விட்டது. புலனம் வருவதே இல்லை. துணி கொடுத்தவர்கள் எல்லாரும் நேரில் வந்து சண்டை போடுகிறார்கள்.”

நான் திறந்து பார்த்தேன். 14 செய்திகள் படிக்கப்படாமல் இருந்தன. புலனம், அதாவது வாட்ஸ்அப், ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. அக்காவுக்குத்தான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதற்கு விடை முகப்புத் திரையிலேயே இருந்தது. ஈப்போவில் படிக்கும் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்தபோது அத்தையின் ஐபோன் எக்ஸ்ஆரை அலங்கரித்துக் கொடுத்திருக்கிறாள். சந்தன நிறத்தில் ஒரே மாதிரியான ஐகான்கள், மேலே செயலியைத் திறக்காமலே தகவல் காட்டும் விட்ஜெட் பெட்டிகளின் அடுக்கு ஒன்று, பின்னால் வெற்றுச் சுவர் போன்ற படம். உண்மையைச் சொன்னால், பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு ரசனை உண்டு. ஆனால் அந்தச் சந்தன நிறப் புலன ஐகானில் சிவப்பு எண் இல்லை. அக்கா மணியோசையை அணைத்தே வைத்திருப்பவர். தையல் இயந்திரச் சத்தத்தில் எப்படியும் கேட்காது. துணியை வெட்டி முடித்துத் திரையைத் திறந்து, பச்சைப் பெட்டியின் ஓரத்தில் எண் இருக்கிறதா என்று பார்ப்பதே பல வருடப் பழக்கம். எண் இல்லையென்றால் யாரும் கூப்பிடவில்லை என்று பொருள். அலங்காரத்துக்குப் பிறகு எண் ஒரு நாளும் வரவில்லை.

இது பழுதல்ல. ஐகான் மாற்றும் முறையே அப்படிப்பட்டது. Shortcuts செயலியில் புதிய குறுக்குவழி தொடங்கி, Open App என்ற செயலைச் சேர்த்து, செயலியைத் தேர்ந்தெடுத்து, Add to Home Screen கொடுத்து, அங்கே நமக்குப் பிடித்த படத்தை வைக்கிறோம். அப்படி முகப்பில் வந்து உட்காருவது செயலி அல்ல; செயலியைத் திறந்துவிடும் ஒரு கதவுச் சீட்டு. எத்தனை செய்தி காத்திருக்கிறது என்ற எண்ணை ஐபோன் செயலியின் அசல் ஐகானுக்கு மட்டும்தான் ஒட்டும், சீட்டுக்கு ஒட்டாது. அசல் ஐகானை முகப்பிலிருந்து அகற்றியபோது அது App Library என்ற கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்தை அக்கா வாழ்நாளில் பார்த்ததில்லை.

எண்ணோடு வேறு சிலவும் போய்விடும். நாள்காட்டியின் அசல் ஐகான் ஒவ்வொரு நாளும் தேதியை மாற்றிக் காட்டும்; வரைந்து வைத்த படம் ஒரே தேதியில் உறைந்து நிற்கும். கேமரா ஐகானை அழுத்திப் பிடித்தால் நேரே காணொளிக்குப் போகும் வழி வரும். சீட்டில் அது வராது. இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. எண் மட்டும்தான் அக்காவின் பிழைப்பைத் தொட்டது.

உங்கள் திரையில் எது அசல், எது சீட்டு என்று தெரியவில்லையா? ஐகானை அழுத்திப் பிடியுங்கள். வரும் பட்டியலில் Remove App என்றிருந்தால் அசல். Delete Bookmark என்றிருந்தால் சீட்டு.

அடுத்தது அந்த விட்ஜெட் அடுக்கு. அக்கா துணி கொடுக்க வேண்டிய நாள்களை Reminders செயலியில் குறித்து வைப்பவர். “12ஆம் தேதி, மூன்று ரவிக்கை” என்று இருக்கும். அந்தப் பட்டியலையும் நாள்காட்டி, வானிலை, பேரப்பிள்ளைகளின் படங்கள், பேட்டரி அளவு ஆகியவற்றையும் சேர்த்து ஒரே அடுக்காகப் போட்டிருந்தாள் மருமகள். ஒரே அளவுள்ள விட்ஜெட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துவிட்டால் அடுக்கு உருவாகிவிடும். ஓர் அடுக்கில் 10 வரை வைக்கலாம். விரலால் மேலும் கீழும் தள்ளி மாற்றிக்கொள்ளலாம். விரல் படாமலும் அது மாறும். Smart Rotate என்ற வசதி, நேரத்தையும் நம் பழக்கத்தையும் பார்த்து, இப்போது எதைக் காட்டலாம் என்று தானே முடிவு செய்யும். அக்கா காலையில் திரையைத் திறந்தால் ஒரு நாள் மழை, ஒரு நாள் பேரன். ரவிக்கைப் பட்டியல் அடியில் கிடந்தது. அடியில் ஏதோ கிடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

அடுக்கைக் குறை சொல்லவில்லை. எனக்கே அது பிடிக்கும். ஒரு சிறு இடத்தில் நான்கு வேலை நடக்கிறது. ஆனால் அடுக்கில் போடுவது என்பது அலமாரியில் போடுவது போன்றது. பார்க்காமல் போனாலும் பரவாயில்லை என்பவற்றுக்கு அது சரி. பார்க்காமல் போனால் ஒருவர் வாசலில் வந்து நின்று சண்டை போடுவார் என்றால், அது தனியாக, கண்முன்னே இருக்க வேண்டும்.

சரி, அந்தத் திரையை எப்படி மாற்றினேன் என்று சொல்கிறேன். மருமகளின் வேலையைக் கலைத்துப்போட எனக்கு மனமில்லை, அக்காவுக்கும் இல்லை. “பிள்ளை ஆசையாகச் செய்தது” என்றார். அதனால் கடையிலிருந்தே அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். அவள் கெட்டிக்காரி, உடனே கேட்டாள்: “அண்ணே, எண்ணுக்குப் பதிலாக ஒரு விட்ஜெட் வைத்துவிட்டால் போதாதா?” நல்ல கேள்விதான். ஆனால் விட்ஜெட் என்பது சன்னல் அல்ல, அவ்வப்போது எடுத்து ஒட்டப்படும் படம். அடிக்கடி பார்க்கப்படும் ஒரு விட்ஜெட்டுக்கே ஒரு நாளில் வழக்கமாக 40 முதல் 70 புதுப்பிப்புகள்தாம் கிடைக்கும் என்று செயலி எழுதுவோருக்கான ஆப்பிளின் வழிகாட்டி சொல்கிறது. வாடிக்கையாளர் காத்திருக்கும் வேலைக்கு அதை நம்ப முடியாது.

ஐபோன் முகப்பில் குறுக்கே 4, நெடுக்கே 6, ஆக 24 இடங்கள். அதற்குக் கீழே எப்போதும் மாறாத வரிசையில் 4. நடுத்தர விட்ஜெட் 8 இடங்களை எடுக்கும், சிறியது 4 இடங்களை எடுக்கும். முதல் இரண்டு வரிசையில் Reminders பட்டியலை நடுத்தர அளவில் தனியாக வைத்தேன். 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் முகப்பிலேயே வட்டத்தைத் தொட்டு முடிந்த வேலையை அடித்துவிடலாம் என்பதால், அக்கா செயலிக்குள் போகவே தேவையில்லை. அடுத்த இரண்டு வரிசையில் இடப்பக்கம் சிறிய அடுக்கு: நாள்காட்டி, வானிலை, பேரப்பிள்ளைகள். அதை அழுத்திப் பிடித்து, Edit Stack-க்குள் போய், Smart Rotate, Widget Suggestions இரண்டையும் அணைத்தேன். இரண்டாவதை அணைக்காவிட்டால் நாம் வைக்காத விட்ஜெட்டும் அடுக்கில் தலைகாட்டும். வலப்பக்கம் நான்கு ஐகான்கள். கடைசி இரண்டு வரிசை வெறுமை. ஐஓஎஸ் 18 வருவதற்கு முன்னால் இப்படி நினைத்த இடத்தில் ஐகானை வைத்து, மற்ற இடத்தைக் காலியாக விட முடியாது. ஐகான்கள் மேலேறி ஒட்டிக்கொள்ளும்.

சந்தன நிறப் புலனச் சீட்டை நீக்கிவிட்டு, App Library-யில் அசலைத் தேடி, அழுத்திப் பிடித்து, Add to Home Screen கொடுத்து, கீழ்வரிசைக்கு இழுத்து வந்தேன். அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் அதேதான். கணிப்பான், பாட்டு, படங்கள் ஆகியவற்றின் சந்தனச் சீட்டுகளை அப்படியே விட்டுவிட்டேன். அவை யாரையும் கூப்பிடாத செயலிகள்; எண் இல்லாததால் நட்டமில்லை.

நிறம் பொருந்தவில்லையே என்று மருமகள் வருந்தினாள். அதற்கும் அசலை அகற்றாமலே வழி இருக்கிறது. முகப்பின் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து, Edit, பிறகு Customize. அங்கே Tinted தேர்ந்தால் எல்லா ஐகானும் ஒரே சாயத்துக்கு வரும். அசல் ஐகான் என்பதால் எண்ணும் வரும். முதலில் அதைத்தான் போட்டுப் பார்த்தோம். அக்கா திரையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எது எது என்றே தெரியவில்லை” என்றார். நியாயம்தான். எழுத்தைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்துத் தொடுகிற கண்ணுக்கு ஒற்றைச் சாயம் ஒரு சிரமம். Dark தேர்ந்தோம். பின்புலம் கறுத்து, புலனத்தின் பச்சை பச்சையாகவே நின்றது. சந்தன ஐகான்கள் மூன்றும் பக்கத்தில் கொஞ்சம் ஒட்டாமல்தான் இருந்தன. அவற்றை மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு மாற்றச் சொன்னவர் அக்காதான்.

இடையில் ஒன்று. சில ஐகான் தொகுப்புகள் Shortcuts வழியாக வராமல், Profile என்ற அமைப்புக் கோப்பை நிறுவச் சொல்லும். Settings-க்குள் போய் Install தொடச் சொல்லும். நிறுவும் முன் அதில் என்ன இருக்கிறது என்று திரை காட்டும். Web Clip மட்டும் இருந்தால் அவை ஐகான்கள். Certificate, VPN என்று ஏதாவது இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்; ஐகானுக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஏற்கெனவே நிறுவியிருந்தால் Settings-இல் General, அதற்குள் VPN & Device Management பகுதியில் தெரியும், அங்கேயே நீக்கலாம்.

கடைசியாக, நான் அதிக நேரம் செலவழித்தது சிவப்பு எண்களைக் குறைப்பதில். அசல் ஐகான்கள் திரும்பி வந்ததும் அவற்றோடு எண்களும் படை திரட்டி வந்துவிட்டன. மின்னஞ்சலில் மட்டும் 3,000-க்கு மேல். கடைகளின் தள்ளுபடிச் செயலிகள் ஆளுக்கு ஒன்று, இரண்டு. மருமகள் இந்தப் புள்ளிகள் பிடிக்காமல்தான் எல்லாவற்றையும் மூடியிருக்கிறாள். Settings-இல் Notifications பகுதிக்குப் போய், ஒவ்வொரு செயலியாகத் தொட்டு Badges-ஐ அணைத்தேன். ஒவ்வொன்றிலும் அக்காவிடம் ஒரே கேள்விதான்: “இதில் எண் வந்தால் ஓர் ஆள் காத்திருக்கிறார் என்று பொருளா?” மூன்றுக்குத்தான் ஆமாம் என்றார். அழைப்பு, புலனம், குறுஞ்செய்தி.

அந்த 14 செய்திகளையும் கடையில் உட்கார்ந்தே திறந்து பார்த்தார். இரண்டு பேரிடம் மன்னிப்புக் குரல் பதிவு அனுப்பினார். எண் மறைந்து திரை சுத்தமானதும், என் கைப்பேசியிலிருந்து அவருக்கு ஒரு வணக்கம் அனுப்பினேன். கீழ்வரிசையில், கறுத்த பின்புலத்தில், பச்சைக்கு ஓரமாக 1 வந்தது.

“இதுதான் தம்பி” என்றார், நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்தபடி.