கடல் தாண்டி வரும் அரை நொடி

திருச்சியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகன் கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிவிட்டான், இனி திரும்பி வருவதாக இல்லை. “முன்பெல்லாம் அரை மணி நேரம் பேசுவான். இப்போது பத்து நாளைக்கு ஒரு தடவை, நாலே நிமிஷம். நான் கேட்டால் உடனே பதில் வருவதில்லை, யோசித்து யோசித்துச் சொல்கிறான். என்மேல் பாசம் விட்டுப்போய்விட்டதா? அறிவியலில் இதற்கு ஏதாவது விளக்கம் உண்டா?”

பாசத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் “உடனே பதில் வருவதில்லை” என்ற வரியில் நின்றுவிட்டேன். கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவும் சியாட்டிலில் இருக்கும் மகனைப் பற்றி இதையேதான் சொன்னாள். “எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் நின்னுட்டுதான் வாயைத் திறக்கிறான் தம்பி. என்கிட்ட பேசப் பிடிக்கல போல.” அந்தத் தயக்கம் மகனுடையதாக இல்லாமல் இருக்கலாம். அவன் குரல் வந்த வழியுடையதாக இருக்கலாம்.

முதலில் நேருக்கு நேர் பேசும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒருவர் கேள்வியை முடிக்கிறார், இன்னொருவர் பதிலைத் தொடங்குகிறார். நடுவில் எவ்வளவு நேரம்? நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பத்து மொழிகளில் இதை அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். ஜப்பானியர் மிக வேகம், டேனிஷ் மக்கள் சற்று நிதானம். ஆனாலும் எல்லா மொழிகளின் சராசரியும் கிட்டத்தட்ட 0.2 நொடியைச் சுற்றியே இருந்தது. கிட்டத்தட்ட ஒரு கண் சிமிட்டும் நேரம், அவ்வளவுதான்.

இதில் எனக்கு இன்றும் வியப்பு அடங்காத விஷயம் ஒன்று உண்டு. ஒரே ஒரு சொல்லை மனதில் எடுத்து, அதன் ஒலிகளை அடுக்கி, நாக்கையும் உதட்டையும் தயார் செய்து வெளியே விடுவதற்கே மூளைக்குச் சுமார் 0.6 நொடி பிடிக்கிறது. அப்படியானால் 0.2 நொடியில் பதில் எப்படி வருகிறது? எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயாரித்துவிடுகிறோம். அவருடைய வாக்கியம் எங்கே போய் முடியும் என்று ஊகிக்கிறோம். குரல் இறங்குவதையும் கடைசி அசை நீளுவதையும் வைத்து, முடியப்போகிறது என்று அறிகிறோம். “சாப்பிட்டி…” என்று அம்மா தொடங்கும்போதே பிள்ளையின் வாயில் “ஆச்சும்மா” தயாராக நிற்கிறது. கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் தீர்மானம் எங்கே விழும் என்று முன்கூட்டியே அறிந்து அங்கே வந்து சேருகிறாரே, அந்த வேலையை நாம் எல்லோரும் வீட்டுத் திண்ணையில் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறோம்.

இவ்வளவு துல்லியமாக ஓடும் கடிகாரம் என்பதால், அதில் சின்னத் தாமதம் வந்தாலும் காது அதற்கு அர்த்தம் கற்பித்துவிடும். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஃபெலிசியா ராபர்ட்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதைச் சோதித்தார்கள். ஒருவர் உதவி கேட்கிறார், இன்னொருவர் “சரி” என்கிறார். அதே குரல், அதே “சரி”. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ள மௌனத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்கள். மௌனம் கூடக்கூட, “இவருக்கு உதவ மனமில்லை” என்று கேட்டவர்கள் மதிப்பிட்டார்கள். சுமார் 0.6, 0.7 நொடியைத் தாண்டினால் அந்த எண்ணம் நன்றாகவே தெரிந்தது. ஆங்கிலம், இத்தாலியம், ஜப்பானியம் பேசுபவர்கள் எல்லோரிடமும் போக்கு இதுதான். தமிழுக்கு மட்டும் வேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கைமாற்று கேட்கும்போது எதிராளி ஒரு கணம் தாமதித்தாலே நாம் பேச்சை மாற்றிவிடுகிறோம் அல்லவா?

சரி, இப்போது இதைக் கும்பகோணத்துக்கும் சியாட்டிலுக்கும் நடுவில் வைப்போம்.

கடல் தாண்டும் குரல் கேபிளின் கண்ணாடி இழைக்குள் ஒளியாகத்தான் போகிறது, நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஜப்பான், பிறகு பசிபிக் கடலடி என்று கேபிள் சுற்றிப் போகும்போது தூரம் 20,000 கிலோமீட்டரை நெருங்கிவிடலாம். ஆக ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் 0.1 நொடி. இதை யாராலும் குறைக்க முடியாது.

மீதித் தாமதம் வீட்டுக்குள் சேர்கிறது. குரல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டப்பட்டுத்தான் இணையத்தில் போகிறது. எல்லாப் பொட்டலமும் ஒரே சீராக வந்து சேராது. வந்ததை வந்தபடி ஒலித்தால் குரல் விக்கிவிக்கிக் கேட்கும். அதனால் கல்யாணப் பந்தியில் வரிசை நிரம்பும்வரை பரிமாறாமல் நிற்பதுபோல, கைபேசி சில பொட்டலங்களைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே ஒலிக்கத் தொடங்கும். வைஃபை மோசமாக இருந்தால் இன்னும் அதிகம் சேர்த்து வைக்கும், தாமதமும் கூடும். ப்ளூடூத் இயர்போன் தன் பங்குக்கு 0.1 நொடியோ அதற்கு மேலோ சேர்க்கும். வீடியோவில் பேசினால், படத்தில் உதடு அசைவதோடு பொருந்துவதற்காகக் குரலையும் பிடித்து வைக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு வழிக்கு 0.3 நொடி ஆகிவிடுவது சாதாரணம்.

0.3 நொடியில் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். ஒரு கேள்வியோடு கூடவே போய்ப் பார்ப்போம்.

அக்கா “சாப்பிட்டியாடா?” என்று கேட்டு முடிக்கிறாள். 0.3 நொடி கழித்து அது மகனின் காதில் முடிகிறது. அவன் வழக்கம்போல 0.2 நொடியில், துளித் தயக்கமும் இல்லாமல், “சாப்பிட்டேம்மா” என்று தொடங்குகிறான். அது திரும்பி வர இன்னொரு 0.3. அக்காவின் காதில் மௌனம் மொத்தம் 0.8 நொடி. மனம் இல்லாத பதிலுக்குரிய இடைவெளி அது. இதற்குள் 0.7-லேயே அவள் பொறுமை இழந்து “ஏன், சாப்பிடலையா?” என்று தொடங்கிவிட்டாள். 0.8-இல் அவன் பதில் வந்து அதன்மேல் மோதுகிறது, அவள் நிறுத்துகிறாள். 1.0-இல் அவளுடைய இரண்டாம் கேள்வி அவன் காதில் விழுகிறது. பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா குறுக்கே பேசுகிறாள் என்று அவனும் நிறுத்துகிறான். இருவரும் மௌனம். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் “ம், சொல்லு”, “நீ சொல்லும்மா”. இப்படி நாலு தடவை மோதினால் யாருக்கும் பேசத் தோன்றாது. “சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்.”

அவனும் தாமதிக்கவில்லை, அவளும் குறுக்கிடவில்லை. ஆனால் தன் காதில் கேட்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், எதிராளிதான் மாறிவிட்டதாகத் தெரியும். தன் பதில் அங்கே தாமதமாகப் போய்ச் சேருவது இருவருக்கும் கேட்காது. 2014-இல் ஜெர்மனியில் காத்ரின் ஷோனன்பெர்க் குழுவினர் தொலைபேசித் தாமதத்தைச் செயற்கையாகக் கூட்டி ஆராய்ந்தார்கள். பேசியவர்கள் கோளாறு இணைப்பில் இருப்பதாக நினைக்காமல், மறுமுனையில் இருப்பவருக்குக் கவனம் குறைவு என்று நினைத்தார்கள்.

இன்னொரு சேதமும் உண்டு, அது “உம்” கொட்டுவதில். கதை சொல்பவருக்கு உம் கொட்ட ஆள் வேண்டும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஸ்பீக்கரில் பேசும்போது எதிரொலி வராமல் இருக்க, கைபேசி ஒரு பக்கத்தின் ஒலியை அமுக்கிவிடும். மகன் பேசும்போது அக்கா சொல்லும் “ம்”, “அட”, “அய்யய்யோ” எல்லாம் அதில் கரைந்துபோகும், தப்பிப் போவதும் அரை நொடி பிந்திப் பொருந்தாத இடத்தில் விழும். 2000-இல் கனடாவின் ஜேனட் பாவெலஸ் குழு ஒன்றைக் கண்டறிந்தது. கேட்பவரின் கவனத்தைத் திசைதிருப்பி, இடமறிந்து அவர் கொடுக்கும் சின்னப் பதில்களைக் குறையச் செய்தால், சொல்பவரின் கதையே கெட்டுவிடுகிறது. முக்கியமாக முடிவு சொதப்புகிறது. மகன் அலுவலகத்தில் நடந்ததைச் சுவையாகத் தொடங்கி “அவ்வளவுதாம்மா” என்று மொட்டையாக முடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அக்காவின் தெருவில் ஒருவர் இதற்கு ஜாதகம் பார்க்கச் சொன்னார். அங்கே மருமகளின் நட்சத்திரத்தில் குறை கண்டுபிடித்துப் பரிகாரமும் எழுதிக் கொடுத்தார்கள். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். ஒரு பாவமும் செய்யாத பெண்மேல் அக்காவின் மனதில் ஒரு கறை விழுந்ததே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதே வேகத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்து மொழிகளில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. இத்தனை லட்சம் வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும்போது, தமிழ்ப் பேச்சின் இடைவெளிகளைப் பதிவு செய்து அளக்க நம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை, ஒலிப்பதிவும் பொறுமையும் போதும்.

உங்கள் அழைப்பில் தாமதம் எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம். நீங்கள் “ஒண்ணு”, பிள்ளை “ரெண்டு”, நீங்கள் “மூணு” என்று மாறிமாறிப் பத்து வரை வேகமாக எண்ணுங்கள். பிள்ளை ஐந்து முறை பதில் சொல்வதால், ஐந்து முறை குரல் போய்த் திரும்புகிறது. அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து எண்ணியபோது 5 நொடி ஆனது. மகனோடு எண்ணியபோது 8 நொடி. கூடுதல் 3 நொடியை ஐந்தால் வகுத்தால், போய்வர 0.6 நொடி. அவன் ப்ளூடூத்தைக் கழற்றி, வீடியோவை அணைத்து, வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அக்கா ஸ்பீக்கரை விட்டுக் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டாள். மறுபடி எண்ணியபோது 6½ நொடிக்குக் கொஞ்சம் குறைவு.

இதனால் எல்லாம் சரியாகிவிடாது. பன்னிரண்டரை, பதின்மூன்றரை மணி நேர வித்தியாசத்தில் இங்கே மாலை ஓய்வு நேரம், அங்கே குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரம். அழைப்பு அரிதாவதற்கு அதுவே போதும். உண்மையாகவே விலகிப்போகும் பிள்ளைகளும் உண்டு. பிள்ளை தொலைவில் இருக்கிறான் என்ற துக்கத்தை எந்தக் கம்பியும் குறைக்காது. திருச்சி அம்மாவுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: துக்கம் உண்மை, ஆனால் அந்த மௌனத்தை மட்டும் அதற்குச் சாட்சியாக வைக்காதீர்கள்.

அக்கா இப்போது கேள்வி கேட்டுவிட்டு விரலால் புடவைத் தலைப்பில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். தட்டி முடிந்த பிறகும் பதில் வராவிட்டால்தான் அடுத்ததைக் கேட்பது. போன ஞாயிறு நான் பக்கத்தில் இருந்தேன். “சாப்பிட்டியாடா?” என்றாள். ஒரு தட்டு. “சாப்பிட்டேம்மா, நீ சொன்ன மாதிரி வத்தக்குழம்பு வெச்சேன், புளிதான் கொஞ்சம் தூக்கலாப் போச்சு” என்று முழுசாக வந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, “எந்தப் புளி போட்டே?” என்று கேட்டாள்.